எப்.எம். அலைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? விலக்கம், பட்டை அகலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் இந்தப் பகுதிக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பதால், முதல் முறை படிப்பவர்கள் மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

ஏ.எம்., எப்.எம். இரண்டிலும் ஊர்தி அலைதான் போகிறது. அப்படியானால் ஒலி எதில் இருக்கிறது?

வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் உயரம் ஒலிக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. அதன் அதிர்வெண் அப்படியே இருக்கிறது. அதிர்வெண் பண்பேற்றத்தில் உயரம் மாறுவதே இல்லை. ஒலியின் மின்னழுத்தம் ஏறும்போது ஊர்தி அலையின் அதிர்வெண் சற்று மேலே போகிறது. மின்னழுத்தம் இறங்கும்போது சற்றுக் கீழே வருகிறது.

இதிலிருந்து ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எப்.எம். பரப்பியில் பேசினாலும் பேசாவிட்டாலும் வெளியேறும் மொத்தத் திறன் ஒன்றுதான். ஏ.எம். பரப்பியில் ஊர்தி அலை தன் திறனோடு அப்படியே நிற்க, பேசும்போது அதன் இருபுறமும் எழும் பக்கப்பட்டைகளின் திறன் அதன்மேல் கூடுகிறது. எப்.எம். பரப்பியில் பக்கப்பட்டைகளுக்கு வேண்டிய திறன் ஊர்தி அலையிலிருந்தே பிரிந்து போகிறது. விலக்கத்தை அளக்கும் முறை பின்னால் வருகிறது. அது முழுக்க இதைத்தான் நம்பியிருக்கிறது.

விலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காதே, எதற்கு 75?

அந்த 75 ஒலியின் அதிர்வெண் அல்ல. ஒலி மிக உரக்க இருக்கும் கணத்தில் ஊர்தி அலை தன் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதே விலக்கம். 98.3 மெகாஹெர்ட்ஸ் நிலையம் என்றால், உச்ச உரப்பில் அதன் அதிர்வெண் 98.375 வரை ஏறி 98.225 வரை இறங்கும். நிகழ்ச்சி ஒலியின் மேல் எல்லை 15 கிலோஹெர்ட்ஸ்தான்.

பலரும் தடுமாறும் இடம் இது. எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை ஒலியின் உரப்பு தீர்மானிக்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை விலகித் திரும்புகிறது என்பதை ஒலியின் சுருதி தீர்மானிக்கிறது. உரக்க ஒலிக்கும் 400 ஹெர்ட்ஸ் தொனி ஊர்தி அலையை 75 கிலோஹெர்ட்ஸ் தூரம் நொடிக்கு 400 முறை ஆட்டும். மெல்ல ஒலிக்கும் 10 கிலோஹெர்ட்ஸ் தொனி அதை 5 கிலோஹெர்ட்ஸ் தூரம் மட்டும், ஆனால் நொடிக்கு 10,000 முறை ஆட்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

மேலே 75, கீழே 75. கூட்டினால் 150. புத்தகத்தில் ஏன் 180 என்று போட்டிருக்கிறது?

ஊர்தி அலை ஊசலாடும் எல்லை 150 கிலோஹெர்ட்ஸ் என்பது சரிதான். ஆனால் அலையின் ஆற்றல் அந்த எல்லைக்குள் மட்டும் அடங்குவதில்லை. ஒரு அலையின் வடிவம் நொடிக்கு 15,000 முறை மாறி மாறித் திரும்புகிறது என்றால், அதன் ஆற்றல் நடு அதிர்வெண்ணிலும், அதிலிருந்து 15, 30, 45 கிலோஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் தள்ளி இருக்கும் புள்ளிகளிலும் மட்டுமே விழ முடியும். இவைதான் பக்கப்பட்டைகள். ஏ.எம். அலையில் ஒரு தொனிக்கு ஒரு சோடி மட்டும் உண்டு. எப்.எம். அலையில் கணக்குப்படி முடிவற்ற சோடிகள் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அவை கவனிக்க வேண்டாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன.

எந்தச் சோடியோடு நிறுத்தலாம் என்பதற்கான நடைமுறைக் கணக்குக்குக் கார்சன் விதி என்று பெயர்:

```
B = 2 × (Δf + fm)
```

இதில் Δf என்பது உச்ச விலக்கம், fm என்பது ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண். 75, 15 இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 180 கிலோஹெர்ட்ஸ். விலக்கத்தை ஒலியின் அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது பண்பேற்ற எண்; இங்கே 75 ÷ 15 = 5. நடுக்கோட்டையும் இருபுறமும் ஆறு சோடிகளையும் எடுத்துக்கொண்டால் அதே 180 வருகிறது. அதற்குள் மொத்தத் திறனில் 99 சதவீதத்துக்கு மேல் அடங்கிவிடுகிறது.

அதே பாட்டை ஏ.எம்.மில் அனுப்பினால் எவ்வளவு இடம் போதும்?

15 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அதே ஒலிக்கு ஏ.எம்.மில் 30 கிலோஹெர்ட்ஸ் போதும்: மேலே ஒரு பக்கப்பட்டை 15, கீழே ஒன்று 15. எப்.எம். அதைப்போல ஆறு மடங்கு கேட்கிறது.

ஒப்பிடும்போது ஒலி இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். மத்திய அலை ஏ.எம். நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்குகிறது, எப்.எம். 180 எடுக்கிறது, ஆகவே இருபது மடங்கு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே ஏ.எம். நிலையம் அனுப்புவது ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை வெட்டப்பட்ட ஒலி. வெவ்வேறு ஒலிகளை வைத்து இரண்டு முறைகளை ஒப்பிடுவது நியாயமாகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஏ.எம்.மில் ஒலியின் உரப்பைக் குறைத்தால் பக்கப்பட்டைகள் சிறுக்குமே தவிர, பரவும் அகலம் மாறாது. எப்.எம்.மில் உரப்பைக் குறைத்தால் விலக்கம் குறைந்து அகலமும் சுருங்குகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் தொனி உச்ச உரப்பில் 152 கிலோஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். அதே தொனி 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்தில் 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நிலையத்துக்கு இடம் ஒதுக்குவது உச்சத்தைக் கணக்கில் வைத்துத்தான்.

விலக்கத்தை வெறும் ஒரு கிலோஹெர்ட்ஸாக வைத்துக்கொண்டால் 2 கிலோஹெர்ட்ஸுக்குள் முழுப் பாட்டையும் அனுப்பிவிடலாமே?

புத்திசாலித்தனமான கேள்விதான். வானொலியின் தொடக்க காலப் பொறியாளர்கள் பலரும் இதையே நம்பினார்கள். அலைவரிசை நெருக்கடியைத் தீர்க்க இதுதான் வழி என்றும் எண்ணினார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் கணிதவியலாளர் ஜான் கார்சன் 1922இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அது நடக்காது என்று கணக்கோடு காட்டினார்.

காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் ஆட்டப்படும் அலையின் பக்கப்பட்டைகள் நடுவிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் விழும். விலக்கத்தைக் குறைத்தால் அவை சிறுக்கும், ஆனால் கிட்டே வந்துவிடாது. விலக்கம் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் முதல் சோடியின் உயரம் ஊர்தி அலையில் முப்பதில் ஒரு பங்கு. மற்ற சோடிகளைப் பொருட்படுத்தவே வேண்டாம். பட்டை அகலமோ ஏ.எம்.மைப் போலவே ஏறத்தாழ 30 கிலோஹெர்ட்ஸ். 2 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி வழியாக அனுப்பினால் அந்தச் சோடி வெட்டுப்பட்டுப் போகும். அதோடு ஒலியும் போய்விடும்.

ஆக, ஒரே ஒலிக்கு எப்.எம். அலை ஏ.எம். அலையைவிடக் குறைந்த இடத்தில் அடங்காது. விலக்கம் மிகச் சிறியதாக இருந்தால் சமமாகும், பெரிதானால் மிஞ்சும். கார்சன் விதியில் Δf சுழியை நெருங்கும்போது எஞ்சுவது 2 × fm என்பதைப் பாருங்கள்: அது ஏ.எம்.மின் பட்டை அகலமேதான்.

அப்படியானால் ஆறு மடங்கு இடத்தைக் கொடுத்து நாம் வாங்கியது என்ன?

இரைச்சலிலிருந்து விடுதலை. இதைச் செய்து காட்டியவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். விலக்கத்தைக் குறைப்பதில் மற்றவர்கள் முனைந்திருந்தபோது அவர் அதைப் பெரிதாக்கினார். 1934இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து பரப்பிச் சோதித்தார். 1935 நவம்பரில் பொறியாளர்கள் கூட்டத்தில் இயக்கிக் காட்டினார். கார்சனின் கணக்கு சரி; அந்தக் கணக்கு இடத்தைப் பற்றியது மட்டும். ஆம்ஸ்ட்ராங் கேட்டது வேறு கேள்வி.

ஏற்பியில் இரைச்சல் ஊர்தி அலையோடு சேரும்போது அலையின் உயரத்தையும் கட்டத்தையும் சற்றே குலைக்கிறது. உயரத்தில் ஏற்பட்ட குலைவை ஏற்பியிலுள்ள வரம்புச் சுற்று வெட்டி எறிந்துவிடுகிறது. அங்கே ஒலி இல்லாததால் இழப்பும் இல்லை. கட்டத்தில் ஏற்பட்ட குலைவு சிறு அதிர்வெண் நடுக்கமாகத் தங்கிவிடுகிறது. அந்த நடுக்கத்தின் அளவு நம் விலக்கத்தைப் பொறுத்தது அல்ல. ஆகவே நம் விலக்கம் பெரிதாகப் பெரிதாக, அதன் பக்கத்தில் நடுக்கம் சிறியதாகிறது. ஊர்தி அலையின் திறனும் இரைச்சல் அடர்த்தியும் சமம் என்று வைத்து, முழுப் பண்பேற்றம் கொண்ட ஏ.எம்.மோடு ஒப்பிட்டால், ஒலிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் பண்பேற்ற எண்ணின் இருமடியைப் போல மூன்று மடங்கு கூடுகிறது. பண்பேற்ற எண் 5 என்றால் 3 × 25 = 75 மடங்கு, அதாவது ஏறத்தாழ 19 டெசிபல்.

இதற்கு ஒரு வாசல் உண்டு. ஏற்பியின் வடிகட்டிக்குள் வரும் ஊர்தி அலை, இரைச்சலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு திறனோடு இருக்கும்வரைதான் இந்த லாபம். அதற்குக் கீழே போனால் ஒலி படிப்படியாக மங்காது. படபடவென்று வெடித்து உடைந்துவிடும். அகலமான வடிகட்டி கூடுதல் இரைச்சலையும் உள்ளே விடுவதால், அகன்ற எப்.எம். இந்த வாசலை முன்னதாகவே தொட்டுவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஊரைவிட்டுத் தள்ளிப் போகும்போது எப்.எம். நிலையம் திடீரென்று கைவிடுவதற்கும், மத்திய அலை நிலையம் இரைச்சலோடு இரைச்சலாகத் தொடர்ந்து கேட்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

மத்திய அலையில் எப்.எம். நிலையம் ஏன் இல்லை?

இடமில்லை. 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலைப் பட்டையில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 120 ஏ.எம். தடங்கள் உள்ளன. 180 கிலோஹெர்ட்ஸ் நிலையங்களை வைத்தால் ஆறோடு பட்டை நிரம்பிவிடும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையின் அகலமோ 20,000 கிலோஹெர்ட்ஸ். இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியதும் அங்கேதான்.

என் கைக்கருவியில் வைடு, நேரோ என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. எதை வைப்பது?

அவை விலக்கத்தையும் ஏற்பி வடிகட்டியையும் சேர்த்து மாற்றுகின்றன. பேச்சின் மேல் எல்லையை 3 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வைடு அமைப்பில் விலக்கம் 5 கிலோஹெர்ட்ஸ்; கார்சன் விதிப்படி 16 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். நேரோ அமைப்பில் விலக்கம் 2.5, வேண்டியது 11 கிலோஹெர்ட்ஸ். முதலாவது 25 கிலோஹெர்ட்ஸ் தடத்துக்கும் இரண்டாவது 12.5 கிலோஹெர்ட்ஸ் தடத்துக்கும் ஏற்றவை. அதே பேச்சு ஏ.எம்.மில் 6 கிலோஹெர்ட்ஸ்தான் எடுக்கும். விலக்கத்தைப் பாதியாக்கியும் அகலம் பாதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒலியின் பங்கு அப்படியே நிற்கிறது.

உங்கள் பகுதி ரிப்பீட்டர் எதில் இயங்குகிறதோ அதையே வையுங்கள். பொருந்தாவிட்டால் காதிலேயே தெரியும். அலைவலிமை முள் முழுதாக நின்றும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தால், அனுப்புபவரின் விலக்கம் குறைவு. சாதாரணமாகப் பேசும்போது தெளிவாக இருந்து, உரக்கச் சொல்லும் அசைகளில் மட்டும் குரல் கரகரத்து வெட்டுப்பட்டால், அவருடைய விலக்கம் உங்கள் வடிகட்டியை மீறுகிறது. அவரைப் பரப்பும் திறனைக் கூட்டச் சொல்வதில் பயனில்லை. மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

விலக்கம் உண்மையில் 5 கிலோஹெர்ட்ஸ்தானா என்று விலையுயர்ந்த கருவி இல்லாமல் அளக்க முடியுமா?

முடியும், அதுவும் மிகத் துல்லியமாக. பக்கப்பட்டைகளுக்கான திறன் ஊர்தி அலையிலிருந்து பிரிகிறது என்று முதல் பதிலில் சொன்னேன். விலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நடுக்கோடு முற்றிலும் மறைந்து, திறன் முழுவதும் பக்கப்பட்டைகளுக்குப் போய்விடுகிறது. பெசல் சார்புகளின்படி அது முதலில் நடப்பது பண்பேற்ற எண் 2.405 ஆகும்போது. ஆகவே 5000 ஹெர்ட்ஸை 2.405ஆல் வகுத்து, வரும் 2079 ஹெர்ட்ஸ் தொனியைக் கொடுத்தால், நடுக்கோடு மறையும் கணத்தில் விலக்கம் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு 1040 ஹெர்ட்ஸ் தொனி.

கைக்கருவியைக் குறைந்த திறனில், ஆன்டெனாவுக்குப் பதிலாகப் போலிச் சுமையில் இணையுங்கள். கணினியில் செருகும் எஸ்.டி.ஆர். ஏற்பியை ஆன்டெனா இல்லாமல் சற்றுத் தள்ளி வையுங்கள். மிக அருகில் வைத்தால் ஏற்பி திணறிப் பொய்க் கோடுகளைக் காட்டும். திரையில் 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி தெளிவாகப் பிரிந்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். தொனி இல்லாதபோது ஒற்றைக் கோடு நிற்கும். தொனியின் அளவை மெல்ல உயர்த்தினால் இருபுறமும் முதல் சோடி எழும், பிறகு இரண்டாவது எழும், நடுக்கோடு தாழ்ந்துகொண்டே வந்து இரைச்சலுக்குள் மூழ்கும். அங்கே நிறுத்துங்கள்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். தொனியை வேகமாக உயர்த்தினால் முதல் மறைவைத் தாண்டி, பண்பேற்ற எண் 5.52இல் வரும் இரண்டாவது மறைவில் நின்றுவிடுவீர்கள். அப்போது விலக்கம் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். முதல் மறைவில் நடுவை ஒட்டிய சோடிதான் மிக உயரமாக நிற்கும். இரண்டாவதில் நான்காவது சோடி உயரமாக நிற்கும். அடுத்தது, எவ்வளவு உயர்த்தினாலும் நடுக்கோடு மறையாமல் இருப்பது. கருவியின் வரம்புச் சுற்று விலக்கத்தை 5க்குக் கீழே பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். பெரும்பாலும் நேரோ அமைப்பில் விட்டிருப்பீர்கள். இடப்புறமும் வலப்புறமும் சமமாக இல்லாவிட்டால் தொனி தூய்மையாக இல்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஸ்டீரியோவில் ஒலிச் சைகை 53 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறதாமே. அப்படியானால் கார்சன் விதி 256 என்று சொல்லுமே?

சொல்லும், ஆனால் மிகையாகச் சொல்லும். ஸ்டீரியோவில் இடம், வலம் இரண்டின் கூட்டல் 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், வழிகாட்டித் தொனி 19இலும், இரண்டின் வேறுபாடு 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கின்றன. இவை எல்லாம் அதே 75 கிலோஹெர்ட்ஸைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கார்சன் விதியோ, 53 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றே முழு 75ஐயும் எடுத்துக்கொள்வதாக வைத்துக் கணக்கிடுகிறது. உண்மையான நிகழ்ச்சியில் வேறுபாட்டுச் சைகையின் மேல் முனை மிகச் சிறிய பங்குதான் பெறும்.

ஸ்டீரியோவின் உண்மையான விலை இரைச்சல். எப்.எம். ஏற்பியில் இரைச்சல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சைகையின் அதிர்வெண் உயர உயர அதுவும் உயர்கிறது. வேறுபாட்டுச் சைகை அந்த உயரமான பகுதியில் அமர்ந்திருப்பதால் இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. தூரத்து நிலையம் ஸ்டீரியோவில் சீறுவதும், மோனோவுக்கு மாற்றியதும் அடங்குவதும் இதனால்தான்.

எப்.எம். இவ்வளவு சுத்தம் என்றால் விமானிகள் ஏன் இன்னும் ஏ.எம்.மில் பேசுகிறார்கள்?

118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமானப் பேச்சு இன்றும் ஏ.எம்.தான். பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இரண்டு பேர் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் என்ன நடக்கிறது என்பது. எப்.எம். ஏற்பி வலிமையான அலையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த அலையை அடியோடு மறைத்துவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம். ஏற்பியில் இரண்டும் கலந்து, கீச்சென்ற ஒலியோடு கேட்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு யாரோ குறுக்கே பேசினார் என்றாவது தெரியும். மறுபடி சொல்லச் சொல்வார்.

இடமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் வான்போக்குவரத்து நெருக்கடியால் இந்தத் தடங்களை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8.33 கிலோஹெர்ட்ஸாகப் பிரித்திருக்கிறார்கள். 3 கிலோஹெர்ட்ஸ் பேச்சு ஏ.எம்.மில் 6 கிலோஹெர்ட்ஸில் அடங்குவதால் அது முடிந்தது. கைக்கருவியின் நேரோ எப்.எம். கேட்கும் 11 கிலோஹெர்ட்ஸ் அந்தத் தடத்துக்குள் நுழையாது. நுழைய வேண்டுமானால் விலக்கத்தை 1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்போது பண்பேற்ற எண் மூன்றில் ஒன்றாகிவிடும், மூன்று மடங்கு இருமடி என்ற கணக்கில் லாபமும் மூன்றில் ஒன்றாகி, ஏ.எம்.மைவிடவும் மோசமாகிவிடும்.